டிரான்ஸ்பார்மரை ஏன் நீக்கவில்லை என்று வீட்டுக்காரருக்கு எழுதுவது

கேள்வி: "விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுக்கும் வேலையில் ஒரு வருடமாக இருக்கிறேன். சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒன்றுக்கு 18 படங்கள் கொடுத்தேன். வீட்டுக்காரர் 11 பொருட்களை நீக்கச் சொல்லிப் பட்டியல் அனுப்பினார். சிலிண்டர், காலண்டர், துணிக்கொடி மாதிரி 7 பொருட்களை நீக்கிவிட்டேன். வாசலுக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்பார்மர், படுக்கையறைக் கூரையில் உள்ள ஓதக் கறை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் பக்கத்துக் கட்டடச் சுவர், கண்ணாடி அலமாரிக்கு எதிரே நிற்கும் பீரோ, இந்த நான்கையும் செய்யவில்லை. 'போனிலேயே விரலால் தேய்த்தால் போகிறது, உங்களுக்கு என்ன கஷ்டம்? காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்கிறார். என்ன எழுதுவது?"

நான்கையும் ஒரே காரணத்தில் போட்டு எழுதிவிடாதீர்கள். அவற்றில் மூன்று "மாட்டேன்" வகை. பீரோ மட்டும் "முடியாது" வகை. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "டெக்னிக்கலா கஷ்டம் சார், குவாலிட்டி போயிடும்" என்று பூசி எழுதுவார்கள். வீட்டுக்காரர் போனில் தேய்த்துப் பார்ப்பார், கறை ஒரு நொடியில் போய்விடும். அப்போது நீங்கள் அவர் கண்ணில் ஒன்று வேலை தெரியாதவர், அல்லது பொய் சொல்கிறவர். கூரையில் இருக்கும் ஓதக் கறைதான் அந்தப் பதினொன்றில் நீக்குவதற்கே சுலபமானது. வெள்ளைக் கூரை, சுற்றிலும் ஒரே நிறம், கோடு எதுவும் குறுக்கே ஓடவில்லை. இரண்டு நிமிட வேலை. அதைக் கஷ்டம் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

எதற்கு மாட்டேன் என்று சொல்வது என்பதற்கு நான் பல வருடமாக வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். சாவி கைமாறுகிற அன்றைக்கு அந்தப் பொருள் எங்கே இருக்கும்? வீட்டுக்காரரோடு லாரியில் ஏறிப் போகும் என்றால் படத்திலிருந்து நீக்கலாம். வாங்குகிறவருக்கு வந்து சேரும் என்றால் நீக்கக் கூடாது. சிலிண்டர், காலண்டர், ஃப்ரிட்ஜ் மேல் குவிந்திருக்கும் மருந்துப் பெட்டி, கொடியில் தொங்கும் துண்டு எல்லாம் லாரியில் போகிறவை. டிரான்ஸ்பார்மரும் கறையும் பக்கத்துச் சுவரும் போகாதவை. இப்படிச் சொன்னால் வீட்டுக்காரருக்கும் சட்டென்று பிடிபடும், விவாதம் உங்கள் மனசாட்சியைச் சுற்றிப் போகாது. குறிப்பில் "என் தொழில் நேர்மை" என்று எழுதுவதை நான் தவிர்த்துவிடுவேன். அப்படி எழுதினால் எதிராளி நேர்மையில்லாதவர் என்று சொன்னது போல ஆகிவிடும். பெரும்பாலும் அவருக்கு ஏமாற்றும் எண்ணமே இருக்காது. தன் வீடு அழகாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அளவுகோல் எனக்குப் புத்தியால் வந்ததில்லை, அடிபட்டு வந்தது. ஆரம்ப காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு தனி வீட்டுக்கு எலிவேஷன், அதாவது முகப்புப் படம் எடுத்தேன். கேட்டுக்கு நேர் எதிரே இரட்டைக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து நாலு பக்கமும் ஒயர். ஃபோட்டோஷாப்பில் க்ளோன் ஸ்டாம்ப் வைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தேன். படத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வண்டி எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் கேட் முன்னால் நின்று போனில் படத்தையும் எதிரே தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது அந்த வீடுதானா?" என்று கேட்டாராம். பிறகு உள்ளே போயிருக்கிறார்கள். ஆனால் சமையலறையில் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பது, சுவரைத் தடவிப் பார்ப்பது, "இதுவும் படத்தில் சரி பண்ணினதா" என்று கேட்பது என்றே நேரம் போயிருக்கிறது. வீட்டில் உண்மையில் குறை எதுவும் இல்லை. ஒன்றை நீக்கியதால் மீதிப் படங்கள் அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டன. புரோக்கர் எனக்கு போன் செய்து திட்டவில்லை, அப்புறம் வேலையும் கொடுக்கவில்லை.

டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவருக்கு ஏன் முக்கியம் என்பதை வீட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். அதனால்தான் நீக்கச் சொல்கிறார். ராத்திரியில் வரும் ரீங்காரம், மழை நாளில் பொறி பறப்பது, மாடி பால்கனியில் விளையாடும் பிள்ளைகள், இவற்றை எல்லாம் வாங்குகிறவர் யோசிப்பார். வாசலுக்கு நேரே கம்பம் இருந்தால் வாஸ்து பார்க்கிறவர்கள் பலர் அந்த வீட்டை எடுக்கவே மாட்டார்கள். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே ஒரு பொருட்டில்லை. பணம் போடுகிறவருக்கு அது முடிவை மாற்றுகிற தகவல். தெருக்குத்து வீடும் அப்படித்தான். எதிரே வந்து முட்டுகிற தெரு படத்தில் தெரியக் கூடாது என்று கேட்டவர்கள் எனக்கு மூன்று பேராவது உண்டு.

ஓதக் கறைக்கு வருகிறேன். இதில் நீங்கள் வீட்டுக்காரருக்கு உருப்படியாக உதவ முடியும், ஏனென்றால் அவருக்கு உண்மையில் தேவை எடிட்டிங் இல்லை, பெயிண்டர். அதற்கு முன்னால் பிளம்பர். மேலே இன்னொரு வீடு இருந்தால் கறை பெரும்பாலும் அந்த வீட்டுக் குளியலறைக்குக் கீழேதான் வரும். தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப் இணைப்பில் கசிந்து, பள்ளமான ஸ்லாபில் தண்ணீர் தேங்கி, மெதுவாக இறங்கும். மேலே மொட்டை மாடி என்றால் தட்டோடு பதித்த இடத்தில் விரிசல் விட்டு, வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் வாக்கில் கறை தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த மஞ்சள் வளையம் மட்டும் இருந்தால் அநேகமாகப் பழைய கசிவு. பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அநேகமாக இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஆனால் இது கேமராக்காரன் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான். கசிவு நின்றுவிட்டதா என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை, குறிப்பில் அதைத் தொடவே தொடாதீர்கள். "சரிசெய்து பெயிண்ட் அடித்ததும் அந்த ஒரு அறையை மறுபடி எடுத்துத் தருகிறேன்" என்பது போதும். உண்மையாகவே கறை போன கூரையை எடுத்த படத்தில் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஜன்னல் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. வீட்டுக்காரர் பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டு மரமோ வானமோ வைக்கச் சொல்லியிருப்பார். வானத்தை மாற்றுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். மொட்டை மாடியிலிருந்து எடுத்த எலிவேஷனில் மங்கலான வானத்துக்குப் பதில் நீல வானம் வைப்பதை நானும் செய்கிறேன். அங்கே இருப்பதும் வானம், வைப்பதும் வானம். நாளைக்கே மேகம் விலகினால் அப்படித்தான் இருக்கும். சுவர் விலகாது. ஐந்தடி தள்ளி ஒரு சுவர் நிற்கிறது என்றால் அந்த அறையின் வெளிச்சம், காற்று, தனிமை எல்லாமே அந்தச் சுவர் தீர்மானிப்பதுதான்.

இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளறையை எடுக்கும்போது ஜன்னலுக்குத் தனி எக்ஸ்போஷர் வைப்போம். உள்ளே கால் நொடி என்றால் ஜன்னலுக்கு 1/125 நொடி, ஐந்து ஸ்டாப், அதாவது ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம். பிறகு இரண்டையும் சேர்ப்போம். அந்த அறைக்குள் வந்திருக்கும் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. சுவர் பச்சை பெயிண்ட் என்றால் கூரையின் ஜன்னலோர ஓரத்தில் லேசான பச்சை இருக்கும், நிழல்கள் மொழுமொழு என்று இருக்கும். அங்கே வெயிலடிக்கிற மரத்தைக் கொண்டுபோய் ஒட்டினால் வெளியே ஒரு வெளிச்சம், உள்ளே வேறு வெளிச்சம். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. "ஏதோ ஒட்டின மாதிரி இருக்கே" என்பார். ஆனாலும் குறிப்பில் இதை முதல் காரணமாக வைக்காதீர்கள். வெளிச்சம் பொருந்துகிற மாதிரி செய்யத் தெரிந்த ஆள் நாளைக்கு வருவான். அப்போதும் உங்கள் பதில் மாறப்போவதில்லையே.

பீரோ கதை வேறு. பீரோ லாரியில் ஏறும். ஆகவே அளவுகோல்படி நீக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் படத்தில் பீரோ ஒரு இடத்தில் இல்லை, குறைந்தது நான்கு இடத்தில் இருக்கிறது. நேரே நிற்கிறது, எதிர் அலமாரிக் கண்ணாடியில் அதன் இன்னொரு பக்கம் தெரிகிறது, பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸில் தலைகீழாக விழுந்திருக்கிறது, சுவரில் நிழலாகப் படிந்திருக்கிறது. நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை உங்கள் கேமரா பார்த்ததே இல்லை. ஆறரை அடி உயரத்துக்கு ஒரு சுவரை நீங்களாகக் கற்பனை செய்து வரைய வேண்டும். அங்கே ஒரு சுவிட்ச்போர்டு இருக்கலாம், பிளக் பாயின்ட் இருக்கலாம், வெயில் படாததால் பெயிண்ட் வேறு நிறத்தில் இருக்கலாம். சிலிண்டர் சின்னது, பின்னால் இருக்கும் டைல்ஸ் சுற்றிலும் தெரிகிறது, ஊகிக்க முடியும். பீரோவுக்கு அந்த வசதி இல்லை.

போனில் தேய்த்தால் போகிறதே என்பதற்கு இங்கே நேரடியாகப் பதில் சொல்லலாம். போனும் சரி, ஃபோட்டோஷாப்பும் சரி, பின்னால் இருப்பதைத் தோண்டி எடுப்பதில்லை. சுற்றியுள்ளதைப் பார்த்து இப்படித்தான் இருக்கும் என்று நிரப்புகின்றன. ஆறு அங்குலத் திரையில் சரியாகத் தெரியும். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்தில் திறந்து, இரண்டடி டைல்ஸின் கிரவுட் கோடுகளை அறையின் ஒரு முனையிலிருந்து விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஒரே திசையில் ஓடும் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். நிரப்பிய இடத்தில் கோடு வளையும், அல்லது ஒரு டைல் சின்னதாகிவிடும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் மாட்டும், பழகிய கண்ணுக்கு அது புதுப் படமாகத் தெரிவதால். வீட்டுக்காரர் நேரில் வர முடிந்தால் இந்தச் சோதனையை அவர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். நான் அப்படிக் காட்டியபோது ஒருவர் மறுபேச்சில்லாமல் மருமகனைக் கூப்பிட்டுப் பீரோவைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. இனி சொல்லப்போவதில் என் கருத்தும் கலந்திருக்கிறது, என்னோடு வேலை செய்கிறவர்களே ஒத்துக்கொள்ளாத இடங்கள் உண்டு. சுவரில் ஆணி ஓட்டைகள், குழந்தை கிறுக்கிய கிரேயான், இவை லாரியில் போகாது. ஆனால் பெயிண்ட் அடித்தால் போய்விடும். "விற்கும்போது பெயிண்ட் அடித்துக் கொடுப்பீர்களா?" என்று வாட்ஸப்பில் கேட்பேன். ஆமாம் என்று எழுத்தில் வந்தால் நீக்குவேன். அப்படியானால் ஓதக் கறைக்கு மட்டும் ஏன் அதே நியாயம் இல்லை என்று வீட்டுக்காரர் கேட்கலாம். கேட்டால் நியாயமான கேள்விதான். ஆணி ஓட்டைக்குப் பின்னால் வெறும் சிமெண்டுதான் இருக்கிறது, கறைக்குப் பின்னால் தண்ணீர் இருக்கலாம், அதுதான் வித்தியாசம். வானத்தில் குறுக்கே போகும் ஒற்றை கேபிள் டிவி ஒயரைப் பலரும் எடுத்துவிடுகிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன். மின்கம்பி என்றால் தொடுவதில்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டியை நீக்குவதில்லை, கேமராவை நாலடி தள்ளி வைத்துக்கொள்கிறேன். இது நீக்குவதைவிட எந்த வகையில் மேல் என்று கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. படம் என்றாலே ஒரு பக்கத்தைக் காட்டி மறு பக்கத்தை விடுவதுதான். பதினெட்டுப் படத்தில் ஒன்றிலாவது தெரு உள்ளபடி தெரிந்துவிட்டால் போதும் என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

இதைவிடச் சங்கடமான விஷயம் நம் லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16 மிமீ லென்ஸ் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 97 டிகிரி பார்க்கும், 24 மிமீ 74 டிகிரி பார்க்கும். பத்துக்குப் பதினொன்று படுக்கையறையை 16-ல் எடுத்தால் கட்டில் தொலைதூரத்தில் நிற்கும், அறை ஹால் மாதிரி விரியும். டிரான்ஸ்பார்மரை நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு 16-ல் எடுத்துத் தருகிறவர், வீட்டுக்காரர் அதைச் சுட்டிக்காட்டினால் என்ன சொல்வார்? நான் முடிந்தவரை 20-க்குக் கீழே போவதில்லை, குளியலறை மட்டும் விதிவிலக்கு. இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம், குறிப்பு அனுப்புவதற்கு முன் உங்கள் படங்களையே ஒரு முறை அந்தக் கண்ணோடு பார்த்துவிடுங்கள் என்பதற்காக.

நீக்காமல் விடுவதாலும் தப்பு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஏசி, சிம்னி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, இவற்றை வீட்டுக்காரர் எடுத்துப் போவாரா விட்டுப் போவாரா என்று கேட்டுவிடுங்கள். எடுத்துப் போகிற ஏசி படத்தில் பளிச்சென்று தெரிந்தால், வாங்குகிறவர் அதையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். ஏசியைப் படத்திலிருந்து நீக்கலாம் என்றால் அதன் பின்னால் சுவரில் குழாய் ஓட்டை எப்படி இருக்கும் என்று தெரியாது, பீரோ மாதிரிதான். அப்படிப்பட்ட இடத்தில் படத்தின் கீழே "ஏசி விற்பனையில் சேராது" என்று ஒரு வரி போடச் சொல்வேன்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, அதற்கு மேல் வழக்கறிஞர் வேலை. விற்கிறவர் கட்டுமான நிறுவனம் என்றால் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ம் பிரிவு நேரடியாகப் பொருந்தும். விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் நிறுவனம் ஈடு கட்ட வேண்டும், அவர் விலகிக்கொள்ள விரும்பினால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். உங்களுடையது தனிநபர் மறுவிற்பனை, அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. தெரிந்த ஒரு விஷயத்தை முனைந்து மறைப்பதை அதன் 17-ம் பிரிவு மோசடி என்கிறது. சொத்தில் தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ம் பிரிவு. டிரான்ஸ்பார்மர் நேரில் வந்தால் தெரிந்துவிடும், கசிவு அப்படித் தெரியாது. அதனால் சட்டப்படி டிரான்ஸ்பார்மரைவிடக் கறைதான் ஆபத்தானது என்பது என் கணிப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. வெளிச்சம், நிறச் சமன், கிராப் போன்றவற்றை விட்டுவிட்டு, பொருட்களைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றிய படம் என்று அறிவிக்க வேண்டும், மாற்றாத படத்தையும் காட்ட வேண்டும். மின்கம்பம், ஜன்னல் வழியே தெரியும் காட்சி, பக்கத்துக் கட்டடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. குறிப்பில் எந்தச் சட்டத்தையும் எழுதாதீர்கள், மிரட்டுவது போல ஆகிவிடும். அவராகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நானாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய 11 திருத்தங்களில் 7 முடிந்துவிட்டன, படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மீதி நான்கைப் பற்றி எழுத்தில் கேட்டிருந்தீர்கள்.

வீட்டோடு வாங்குகிறவருக்குப் போய்ச் சேருகிற எதையும் நான் படத்திலிருந்து நீக்குவதில்லை, உங்களோடு வரும் பொருட்களை மட்டும் நீக்குகிறேன். எதிரே உள்ள டிரான்ஸ்பார்மர், படுக்கையறைக் கூரைக் கறை, ஜன்னலுக்கு வெளியே உள்ள சுவர் மூன்றும் முதல் வகை. இவற்றை நீக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும், போனிலும் முடியும். செய்ய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர் கேட்டில் நிற்கும்போதே டிரான்ஸ்பார்மரைப் பார்த்துவிடுவார். படத்தில் அது இல்லை என்றால் மற்ற 17 படங்களையும் அவர் நம்ப மாட்டார், உங்கள் ஹாலும் சமையலறையும் உண்மையாகவே நன்றாக இருப்பது வீணாகிவிடும்.

மாற்று ஏற்பாடு சொல்கிறேன். எலிவேஷனை மாலை ஐந்து மணி வெயிலில், வலது பக்கக் காம்பவுண்டு ஓரத்திலிருந்து மறுபடி எடுக்கிறேன். கம்பம் ஓரத்தில் இருக்கும், முதல் பார்வைக்குக் கட்டடம் தெரியும். கூரையைச் சரிசெய்து பெயிண்ட் அடித்ததும் சொல்லுங்கள், அந்த அறையை மறுபடி எடுத்துத் தருகிறேன். ஜன்னல் படத்தில் வெளிச்சத்தைச் சமன் செய்து, கண்ணை முதலில் அறைக்குள் இழுக்கும்படி சரிசெய்திருக்கிறேன், சுவர் தெரியும், ஆனால் துருத்தாது.

பீரோவை நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சரியாக வராது. அதன் பின்னால் உள்ள சுவர் எந்தப் படத்திலும் பதிவாகவில்லை, எதிர்க் கண்ணாடியிலும் தரையிலும் அதன் பிம்பம் விழுந்திருக்கிறது. முயற்சி செய்த படத்தையும் அனுப்பியிருக்கிறேன், டைல்ஸ் கோடுகள் வளைந்திருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மறுபடி வரும் நாளில் பீரோவை மூன்றடி நகர்த்தி வைக்க முடிந்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

மறுபடி வருவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நீக்காத மூன்றுக்கும் நான் எதுவும் கணக்கில் சேர்க்கவில்லை."

கட்டணம் இல்லை என்பதை நீங்கள் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நான் ஏன் வாங்குவதில்லை என்றால், படம் எடுக்கும் முன்பே இதைச் சொல்லாதது என் தவறு. உங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் முன்பணம் வாங்கும்போதே லாரிக் கணக்கை இரண்டு வரியில் அனுப்பிவிடுகிறேன். எடுக்கும் நாளில் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் இருபது நிமிடம் வீட்டுக்காரரோடு அறை அறையாக நடக்கிறேன். நகர்த்த முடிந்ததை நகர்த்திவிடுவோம். நகர்த்தினாலும் அறைக்குள்ளேயே எங்காவது நின்றாக வேண்டிய பெரிய பொருள் என்றால், ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு முறை எடுக்கிறேன், பொருள் இந்தப் பக்கம் இருக்கும்போது ஒன்று, அந்தப் பக்கம் தள்ளியபின் ஒன்று. இரண்டையும் லேயராக அடுக்கினால் பின்னால் உள்ள உண்மையான சுவர் கிடைத்துவிடும், எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

குறிப்பைப் படித்த பிறகும் அவர் "நீக்கியே ஆக வேண்டும்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். திருத்தாத ஜேபெக் படங்களைக் கொடுத்துவிடுங்கள், அவருடைய வீடு, அவர் பணம் கொடுத்து எடுத்த படங்கள். ரா ஃபைலைக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு யாரையாவது வைத்து அவர் டிரான்ஸ்பார்மரை நீக்கிக்கொண்டால் அந்தப் படத்தில் உங்கள் பெயரோ வாட்டர்மார்க்கோ வரக் கூடாது என்று மட்டும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த 18 படங்களையும் தேதியோடு ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, வீடு கைமாறும் வரைக்குமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.